கேன் வாசலில் நிற்கும்போதே

சென்ற பருவத்தில் என் மேலாண்மை வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். 38 பேர் எழுதினார்கள். அதில் 31 பேர் ஒரே கேள்வியில் தவறியிருந்தார்கள். கேள்வி இதுதான்: ஒரு பிஸ்கட் ஆலையில், பொட்டலம் கட்டி முடித்த சரக்கு லாரியில் ஏறுமுன், தரப் பரிசோதகர் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிறார். இது எவ்வகைக் கட்டுப்பாடு? அ) முன்னூட்டக் கட்டுப்பாடு, ஆ) உடனிகழ் கட்டுப்பாடு, இ) பின்னூட்டக் கட்டுப்பாடு.

பெரும்பாலோர் ‘அ’ என்று குறித்திருந்தார்கள். விடை ‘இ’. தாளைத் திருப்பிக் கொடுத்ததும் முதல் வரிசையிலிருந்த மாணவி எழுந்து நின்றாள். “சார், வாடிக்கையாளர் கைக்குப் போறதுக்கு முன்னாடிதானே பாக்குறாங்க? அப்ப அது முன்னூட்டம்தானே?” கேட்டதில் நியாயம் இருந்தது. கேள்வியில் ‘ஏறுமுன்’ என்று ஒரு ‘முன்’ இருக்கிறது. முன்னூட்டத்திலும் ஒரு ‘முன்’ இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துவைத்துவிட்டார்கள்.

இலக்கணப்படி மூன்றுக்கும் விளக்கம் எளிது. வேலை தொடங்குமுன்பே, உள்ளே வரும் பொருளையும் ஆளையும் கருவியையும் பார்த்துச் சரிசெய்தால் அது முன்னூட்டம். ஆங்கிலத்தில் ஃபீட்ஃபார்வர்டு என்பார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்துத் திருத்தினால் உடனிகழ். வேலை முடிந்து வெளியே வந்ததை அளந்து, அதில் தெரிந்ததை அடுத்த முறைக்குக் கொண்டுபோனால் பின்னூட்டம், அதாவது ஃபீட்பேக். பிஸ்கட் வெந்து, ஆறி, பொட்டலத்துக்குள்ளும் போய்விட்டது. தயாரிப்பு என்ற வேலை முடிந்தே போயிற்று. கருகியிருந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கலாம், நாளைக்கு அடுப்பின் சூட்டைக் குறைக்கலாம். கருகியதைக் கருகாததாக மாற்ற முடியாது. அதனால்தான் அது பின்னூட்டம்.

இதை நான் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்த மாணவியின் முகம் தெளியவில்லை. அவள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். ஊர்ப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார்கள். “அப்ப எங்க ஊர்ல கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடி டிகிரி பாக்குறாங்களே, அது எது சார்?” என்றாள். அந்தக் கேள்விக்குக் கரும்பலகையில் பதில் சொல்வதைவிட, போய்ப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மறு வாரம் ஏழெட்டுப் பேரோடு விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தச் சொசைட்டி வாசலில் நின்றேன்.

ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மேசை, அதன்மேல் தராசு, உயரமான கண்ணாடிக் குவளை, லாக்டோமீட்டர், தெர்மாமீட்டர், கொழுப்புப் பார்க்கும் சிறு இயந்திரம். வாசலில் தூக்குவாளியும் சொம்புமாக வரிசை. பரிசோதகர் ஒவ்வொருவர் பாலையும் கலக்கிவிட்டு, கொஞ்சம் முகர்ந்து பார்த்து, குவளையில் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்க விடுகிறார். கண்ணாடித் தண்டு ஆடி அடங்கியதும், பால் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறார். அந்த எண்ணைத்தான் ஊரில் டிகிரி என்கிறார்கள். தண்ணீரைவிடப் பால் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு அது ஒரு குறி. 28 என்று நின்றால், பாலின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.028 மடங்கு.

ஒருவர் 6 லிட்டர் பசும்பால் கொண்டுவந்தார். டிகிரி 27. கொழுப்பு இயந்திரம் 4.0 என்றது. கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருளை எஸ்.என்.எஃப். என்பார்கள், புரதம், பால்சர்க்கரை, தாது எல்லாம் சேர்ந்தது. அதைத் தனியே காய்ச்சி அளக்க நேரமில்லை என்பதால், டிகிரியையும் கொழுப்பையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். புழக்கத்தில் உள்ள சூத்திரங்களில் ஒன்று இது:

```
SNF = CLR/4 + 0.25 × F + 0.44
```

`CLR` என்பது வெப்பத்துக்குத் திருத்திய டிகிரி, `F` கொழுப்பு. 27-ஐ அப்படியே போட்டால் 6.75, 1.0, 0.44 மூன்றும் சேர்ந்து 8.19 வருகிறது. பசும்பாலுக்கு இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எஸ்.என்.எஃப். 8.3 சதவீதம். பால் தேறவில்லை.

பாடப்புத்தகத்தில் உள்ள கட்டுப்பாட்டுப் படிகள் நான்கும் இந்த ஒரு சொம்புப் பாலில் வரிசையாக நிற்கின்றன. 8.3 என்று முன்கூட்டியே வகுத்துவைத்தது தரம் நிர்ணயித்தல். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் படித்தது அளவிடுதல். 8.19-ஐ 8.3-க்குப் பக்கத்தில் வைத்து 0.11 குறைகிறது என்று கண்டது ஒப்பிடுதல். அடுத்து வரவேண்டியது திருத்த நடவடிக்கை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், “தண்ணி கலந்தா அப்படித்தான்” என்று முணுமுணுத்தார். பாலைத் திருப்பிவிடுவதுதான் திருத்தம் என்று என் மாணவர்களும் நினைத்தார்கள்.

பரிசோதகர் அவசரப்படவில்லை. தெர்மாமீட்டரைப் பாலில் வைத்தார். 32 டிகிரி செல்சியஸ். கறந்த சூடு இன்னும் இறங்கவில்லை. அங்கிருந்த லாக்டோமீட்டர் 27 டிகிரி செல்சியஸில் படிப்பதற்காகச் செய்யப்பட்டது. சூடு ஏறினால் பாலின் அடர்த்தி குறையும், தண்டு கொஞ்சம் கூடுதலாக அமிழும், எண் குறைத்துக் காட்டும். ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.2 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து டிகிரிக்கு 1.0. ஆக, திருத்திய டிகிரி 28. இப்போது கணக்குப் போட்டால் 7.0, 1.0, 0.44, மொத்தம் 8.44. பால் தேறிவிட்டது. தண்ணீரும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கொண்டுவந்தவர் மாட்டுத்தொழுவம் சொசைட்டிக்கு நேர் எதிரே இருந்தது, அவ்வளவுதான்.

ஒப்பிட்டதும் நேராகத் திருத்தத்துக்குத் தாவாமல், விலகல் எதனால் வந்தது என்று தேடுவதைச் சில புத்தகங்கள் தனிப் படியாக எண்ணுகின்றன. அதனால்தான் ஒரு புத்தகத்தில் நான்கு படி, இன்னொன்றில் ஐந்து. தரத்தை வகுப்பது திட்டமிடுதலின் வேலை என்று கருதி, அதைக் கணக்கில் சேர்க்காமல் அளவிடுதலிலிருந்து தொடங்கி மூன்று படி என்று சொல்லும் நூல்களும் உண்டு. ‘கட்டுப்பாட்டின் படிகள் எத்தனை’ என்று தேர்வில் கேட்டால், எந்தப் பாடநூலை ஒட்டிய தாள் என்று பார்த்து எழுதுவதே வழி. என்னைக் கேட்டால், காரணம் தேடும் படியைத் தனியாகவே எண்ண வேண்டும். அன்று அந்தத் தெர்மாமீட்டர் வைக்கப்படாமல் போயிருந்தால், நல்ல பால் ஊற்றிய ஒருவர் ஊர் முன்னால் திருடனாகத் திரும்பிப் போயிருப்பார். விலகல் சில சமயம் பொருளில் இருக்காது, அளந்த விதத்தில் இருக்கும்.

படிகளைப் பொருத்தச் சொல்லும் கேள்விகளில் வழுக்கும் இடங்கள் இரண்டுதான். ‘ஒவ்வொரு கிளையின் அன்றாட விற்பனைக் கணக்கையும் மேலாளர் மாலையில் வாங்கிக் குறித்துக்கொள்கிறார்’ என்றால் அது அளவிடுதல் மட்டுமே. ‘இலக்கு 1,000 பெட்டி, விற்றது 800, 200 குறைகிறது எனக் கண்டார்’ என்றால்தான் ஒப்பிடுதல். இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். இன்னொன்று: ‘இலக்கு எட்ட முடியாததாக இருந்தது என உணர்ந்து, அதை 900 ஆக மாற்றினார்.’ இதைத் தரம் நிர்ணயித்தல் என்றே பலரும் எழுதுகிறார்கள். ஒப்பீட்டுக்குப் பிறகு, விலகலைக் கண்டு செய்த மாற்றம் இது. ஆகவே திருத்த நடவடிக்கை. வேலையைத் திருத்துவதும் திருத்தம்தான், அளவுகோலே தவறு என்று தெரிந்தால் அதைத் திருத்துவதும் திருத்தம்தான்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கேனில் ஊற்றுமுன் டிகிரி பார்ப்பது முன்னூட்டமா, பின்னூட்டமா?

பால் பதப்படுத்தும் ஆலையின் பக்கம் நின்று பாருங்கள். அவர்களுக்கு வேலை இனிமேல்தான் தொடங்கப்போகிறது. பால்தான் மூலப்பொருள். கெட்ட பால் ஒரு சொம்பு உள்ளே போனால் கேன் முழுவதும் கெடும். அந்தக் கேன் குளிரூட்டும் தொட்டிக்குப் போனால் தொட்டி முழுவதும் கெடும். வாசலிலேயே மறித்துப் பார்க்கிறார்கள். ஆலைக்கு இது சுத்தமான முன்னூட்டம். தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ‘மூலப்பொருள் வந்திறங்கும்போதே பரிசோதித்தல்’ என்ற உதாரணம் இதுதான்.

இப்போது அந்த மாணவியின் அம்மா பக்கம் நின்று பாருங்கள். மாட்டுக்குத் தீவனம் வைத்தாயிற்று, கழுவியாயிற்று, கறந்தாயிற்று. அவருடைய வேலை முடிந்து, அதன் விளைவுதான் சொம்பில் இருக்கிறது. கொழுப்பு குறைந்தது, எஸ்.என்.எஃப். குறைந்தது என்று சீட்டில் அச்சாகி வருவது, நேற்று வைத்த தீவனத்தைப் பற்றிய செய்தி. அவருக்கு அதே லாக்டோமீட்டர், அதே எண், அதே நொடி, பின்னூட்டம்.

ஒரு பரிசோதனையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு இது எந்த வகை என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு கோடு போட வேண்டும். முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் முன்னூட்டம். இரண்டு கோட்டுக்கும் நடுவே என்றால் உடனிகழ். இரண்டாவது கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னூட்டம். பிஸ்கட் கேள்வியில் ‘தரப் பரிசோதகர்’ என்றதும் தயாரிப்பு என்ற வேலைதான் மனதில் வரவேண்டும்; அதன் இரண்டாவது கோடு பொட்டலம் கட்டியதோடு முடிந்துவிட்டது. என் மாணவர்கள் அந்தக் கோட்டை வாடிக்கையாளர் வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள்.

இதையே ஆலைக்குள் ஒரு தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். கடைகளில் நிலைப்படுத்திய பால் என்று விற்பதில் குறைந்தது 4.5 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் எஸ்.என்.எஃப்.-உம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வந்த பாலின் கொழுப்பை முதலில் அளந்து, கொழுப்பு நீக்கிய பால் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகே கலக்குகிறார்கள். அந்தக் கணக்கு முன்னூட்டம். கலந்து முடித்த 10,000 கிலோ தொட்டியில் மாதிரி எடுத்துப் பார்த்தால் 4.6 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். சட்டப்படி பழுதில்லை. ஆனால் 0.1 சதவீதம் என்றால் 10 கிலோ கொழுப்பு. நெய்யாகப் போயிருக்க வேண்டியது, பால் விலையில் போகிறது. கொழுப்பு நீக்கிய பாலில் 0.1 சதவீதம் கொழுப்பு இருந்தால், இன்னும் ஏறக்குறைய 227 கிலோ சேர்த்தால் 4.5-க்கு இறங்கும். அதற்கு மேல் ஒரு கிலோ போனாலும் சட்டத்துக்குக் கீழே போய்விடும். கொழுப்பு அளக்கும் கருவிக்கே கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் அந்த விளிம்புவரை போகாமல் 4.5-க்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தத் தொட்டி மாதிரி எந்த வகை? கலத்தல் என்ற வேலைக்குப் பின்னூட்டம்; கலந்து முடிந்துவிட்டது. பொட்டலம் கட்டுதல் என்ற அடுத்த வேலைக்கு முன்னூட்டம், இன்னும் தொடங்கவில்லை. ஒரு வேலையின் வாசல்படி, அடுத்த வேலையின் கொல்லைப்புறம். தொட்டியைப் பிடித்துவைத்து, முடிவு வந்த பிறகே திறக்கிறார்கள் என்பதால்தான் அங்கே திருத்தம் சாத்தியமாகிறது.

அடுத்து பாஸ்சரைசர். பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே 15 நொடி குழாய்க்குள் ஓடவிட்டு, உடனே குளிர்விக்கும் இயந்திரம். அந்த 15 நொடிக் குழாயின் முடிவில் வெப்பம் பார்க்கும் உணரி இருக்கிறது. சூடு குறைந்துவிட்டால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, அந்தப் பாலை மேலே போகவிடாமல் மறுபடியும் ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். வேலை நடக்கும்போதே தடுத்துத் திருத்துவதால் மேலாண்மைத் தாளில் இது உடனிகழ் கட்டுப்பாடு. தளத்தில் நடந்து பார்த்து அங்கேயே கைகாட்டித் திருத்தும் மேற்பார்வையாளர் செய்வதும் இதே வேலைதான்.

இங்கே பொறியியல் படித்த பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வெளியே வரும் பாலின் சூட்டை அளந்து, அதற்கேற்ப நீராவியைக் கூட்டிக் குறைப்பதை அவர்கள் ஃபீட்பேக் என்றுதான் படித்திருக்கிறார்கள். உள்ளே வரும் பால் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று முன்னாலேயே கண்டு, விளைவு தெரியுமுன் நீராவியைக் கூட்டினால் அது அவர்களுக்கு ஃபீட்ஃபார்வர்டு. அவர்கள் சொல்வதும் சரியே. பொறியியலில் கேள்வி, எதை அளக்கிறாய் என்பது: உள்ளே வருவதையா, வெளியே போவதையா? மேலாண்மையில் கேள்வி, எப்போது கையைவைக்கிறாய் என்பது. இயந்திரத்தில் பின்னூட்டம் நொடியில் திரும்பி வந்துவிடும். அலுவலகத்தில் மாத அறிக்கையாக, காலாண்டுக் கணக்காக வரும். அது வருவதற்குள் பணம் செலவாகியிருக்கும். ஹெரால்ட் கூன்ட்ஸும் ராபர்ட் பிராட்ஸ்பீஸும் 1972-இல் ‘பிசினஸ் ஹொரைசன்ஸ்’ இதழில் முன்னூட்டக் கட்டுப்பாட்டை மேலாளர்களுக்காக எடுத்து எழுதியதே இந்தத் தாமதத்தைச் சுட்டித்தான். தேர்வு எழுதுபவர், தாள் எந்தத் துறையுடையது என்று பார்த்துவிட்டு விடை எழுத வேண்டும்.

தாமதம் என்றதும் எனக்கு ஆலை ஆய்வகத்தில் பார்த்த ஒரு பரிசோதனை நினைவுக்கு வருகிறது. அன்று காலை சொசைட்டியைப் பார்த்த கையோடு அங்கேயும் போனோம். வந்திறங்கும் பச்சைப் பாலில் கிருமி எவ்வளவு என்று அறிய, பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலச் சாயம் விட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் குழாய்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். பால் இளநீலமாக நிற்கும். கிருமிகள் பெருகப் பெருக நீலம் வெளுத்து, பால் பழைய வெள்ளைக்குத் திரும்பும். அரை மணியில் வெளுத்தால் மோசமான பால், ஐந்து மணி தாண்டியும் நீலம் நின்றால் நல்ல பால். குழாய்கள் ஒவ்வொன்றிலும் சொசைட்டியின் எண் எழுதிய சீட்டு. ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

வந்திறங்கும் மூலப்பொருளைத்தான் பரிசோதிக்கிறார்கள். புத்தகப்படி பார்த்தால் முன்னூட்டம். ஆனால் நல்ல பாலுக்கு நல்ல பால் என்று தெரிய ஐந்து மணி நேரமாகும். அதுவரை டேங்கர் காத்திருக்க முடியாது. முடிவு வரும்போது அந்தப் பால் பாஸ்சரைசரையும் தாண்டிப் போயிருக்கும். ஆகவே நடைமுறையில் இந்தப் பரிசோதனை பின்னூட்டமாகவே பயன்படுகிறது: எந்தச் சொசைட்டியில் கேன் சரியாகக் கழுவவில்லை, எங்கே குளிரூட்டத் தாமதம் என்று கண்டு அங்கே ஆள் அனுப்புகிறார்கள். வாசலிலேயே முடிவு வேண்டுமென்றால் வேறு வழி. சோதனைக் குழாயில் கொஞ்சம் பாலைக் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கிருமியை எண்ணாது, புளிப்பு ஏறிய பாலை மட்டும் பிடிக்கும். நுணுக்கம் குறைவு, ஆனால் கேன் இன்னும் வாசலில் நிற்கும்போதே பதில் கையில் இருக்கும்.

முன்னூட்டத்துக்குப் புத்தகங்கள் தரும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். அது கெடுதலைத் தடுக்கிறது, ஆகவே அதுவே சிறந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பினால் ஏமாறுவோம். வாசலில் நிற்பவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் முன்னூட்டம் வேலை செய்யும்.

லாக்டோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். பாலில் தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறைந்து டிகிரி இறங்கும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. பாலின் மேல் நிற்கும் ஆடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி கூடி, டிகிரி ஏறும். ஆடையை எடுத்துவிட்டு, ஏறிய டிகிரியை இறக்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால், தண்டு பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரியான எண்ணைக் காட்டும். டிகிரியோடு கொழுப்பையும் பார்த்தே தீரவேண்டும் என்ற வழக்கம் இதனால்தான்.

இதைவிடக் கொடுமையான ஒன்று 2008-இல் சீனாவில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பாலின் புரதத்தை அளக்க நைட்ரஜனை அளந்தார்கள். டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-இல் வகுத்த முறை அது. நைட்ரஜன் எவ்வளவு என்று கண்டு, ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று சொல்லும். நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, வேறெதிலிருந்தாவது வந்ததா என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் கலந்து நீர்த்த பாலில் மெலமின் என்ற பொருளைக் கலந்தார்கள். பிளாஸ்டிக் தொழிலில் பயன்படுவது, நைட்ரஜன் மிகுந்தது. வாசல் பரிசோதனையில் பால் தேறியது. அந்தப் பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் விழுந்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்ததாக அரசே அறிவித்தது. வாசல் பரிசோதனை நாள்தோறும் ஒழுங்காக நடந்தும் அது தப்பியது. பிடித்துக் கொடுத்தது மருத்துவமனைக்கு வந்த கைக்குழந்தைகள். பின்னூட்டம் என்ற சொல்லின் முழுப் பாரத்தையும் நான் உணர்ந்தது இந்தச் சம்பவத்தைப் படித்தபோதுதான். அதன் பிறகே வாசலில் மெலமினைத் தேடும் பரிசோதனை நாடுதோறும் வந்தது.

முன்னூட்டம் எதைத் தேட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பின்னூட்டமே கற்றுக்கொடுக்கிறது. ஆகவே வேலையை விட்டுப் போகிறவரிடம் காரணம் கேட்டு எழுதிவைப்பதைப் பின்னூட்டம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேன். அதில் கிடைத்த காரணத்தை வைத்து, அடுத்தமுறை ஆள் எடுக்கும்போதே கேட்கும் கேள்வியை மாற்றினால், அந்தக் கேள்வி முன்னூட்டம். இயந்திரம் நின்றபின் பெல்ட்டை மாற்றுவது பின்னூட்டத்தின் மேல் எடுத்த திருத்தம். எத்தனை மாதத்தில் பெல்ட் அறுகிறது என்று பழைய குறிப்பேட்டில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றுவது முன்னூட்டம். குறிப்பேடு ஒன்றுதான்.

அந்தப் பருவம் முடியுமுன் மாணவி ஒரு நாள் ஒரு கத்தை சீட்டோடு வந்தாள். சொசைட்டியில் வேளைக்கு ஒன்றாகத் தரும் சீட்டுகள். அவள் அம்மா எதையும் எறியாமல் நாள்காட்டி ஆணியில் குத்திவைத்திருந்தாராம். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்திருக்கிறாள். எஸ்.என்.எஃப். 8.5-இல் இருந்து, பத்து நாளில் மெல்ல மெல்ல இறங்கி 8.3-ஐத் தொட்டிருந்தது. ஒரு நாள்கூடப் பால் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நாளும் தேறியிருந்தது. தீவனமும் மாறவில்லை, தண்ணீரும் சேரவில்லை. கால்நடை மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பாலைத் தட்டில் பீய்ச்சி, ஒரு கரைசலை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். மூன்று காம்புப் பால் தண்ணீராகவே ஓட, பின்பக்க வலது காம்புப் பால் மட்டும் சளிபோலத் திரண்டது. மடிநோயின் தொடக்கம். கண்ணுக்கு வீக்கம் தெரியாத நிலை. மடிநோய் வந்தால் பால்சர்க்கரை குறையும், அதோடு எஸ்.என்.எஃப்.-உம் இறங்கும்.

“இப்ப தினமும் கறக்குறதுக்கு முன்னாடி, முதல் ரெண்டு பீச்சு பாலைக் கறுப்புத் துணிமேல விட்டுப் பாக்குறோம் சார். திரிதிரியா இருந்தா உடனே தெரிஞ்சிடும்” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “கறக்குற வேலைக்கு அது முன்னூட்டம். மாட்டோட உடம்பைப் பாத்துக்குற வேலைக்குப் பின்னூட்டம். சரியா சார்?”

சரி என்றேன்.